நேர்காணல் ஒலிப்பதிவிலிருந்து கருப்பொருள் வரை: ஆய்வுப் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு

பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒலிப்பதிவுகளைக் கொடுத்து “எழுத்தாக்கி, கோடிங் பண்ணிடுங்க” என்பார்கள். தட்டச்சு ஒரு வேலை, பேச்சின் பகுதிகளுக்குக் குறிப்பு ஒட்டும் கோடிங் வேறொரு வேலை என்று அப்போது தோன்றும். அப்படி இல்லை. தட்டச்சில் எதை விட்டோமோ, அது கோடிங்கில் திரும்பக் கிடைக்காது. பலருடைய பேச்சில் திரும்பத் திரும்ப வரும் பொருளைத் தேடும் கருப்பொருள் பகுப்பாய்வைப் பரவலாக்கிய பிரானும் கிளார்க்கும் 2006இல் எழுதிய கட்டுரையில் சொன்ன ஆறு கட்டங்களில் முதலாவது, தரவோடு பழகுவதுதான். எழுத்தாக்கும்போதே அந்தக் கட்டம் தொடங்கிவிடுகிறது.

முதலில், எழுத்தாக்கம்

ஒலிக்கோப்பை நகலெடுத்து, மூலத்தைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். கோப்பின் பெயரில் பேசியவரின் பெயர் வேண்டாம். ப1, ப2 என்று போதும். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் வேறிடத்தில், கடவுச்சொல்லோடு இருக்கட்டும்.

தட்டச்சுக்கு oTranscribe என்ற இணையச் செயலி இலவசம். உலாவியில் ஓடினாலும் ஒலிக்கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. Esc அழுத்தினால் நிற்கும், F1 சற்றுப் பின்னால் போகும், Ctrl+J நேரக்குறிப்பைப் போடும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியிருந்தால் அதுவும் போதாது.

இரவுப் பணி பற்றி ஒரு செவிலியர் பேசுவதாக நான் அமைத்த உதாரணம் இது:

```
[00:12:40] கே: நைட் டியூட்டி தொடர்ந்து வந்தா என்ன பண்ணுவீங்க?
[00:12:44] ப3: (4 நொடி மௌனம்) பழகிடுச்சு. (சிரிப்பு)
நாங்க சொன்னா யாரு கேக்கப்போறா?
```

புதிதாக வருபவர்கள் இதைப் பெரும்பாலும் “பழகிவிட்டது. நாம் சொன்னால் யார் கேட்பார்கள்?” என்று திருத்தி எழுதிவிடுவார்கள். படிக்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மௌனமும் சிரிப்பும் போனதில், பழகவில்லை என்பதற்கான சாடை போய்விட்டது. “நாங்க” என்பதில் கேள்வி கேட்பவர் இல்லை. “நாம்” அவரையும் சேர்த்துக்கொள்கிறது. செவிலியர் வைத்த எல்லைக்கோட்டை நாமே அழித்தாயிற்று. அதனால் பேச்சுத் தமிழைப் பேச்சுத் தமிழாகவே எழுதுங்கள். புரியாத இடத்தில் ஊகிக்காமல் (கேட்கவில்லை 00:14:10) என்று குறியுங்கள். முடிந்தபின் ஒலியை ஓடவிட்டு, எழுதியதை ஒருமுறை ஒப்பிடுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் ‘முடியும்’ என்று எழுதியது ‘முடியல’ என்பது தெரியவரும்.

அப்புறம், கோடிங்

கோடு என்பது ஒரு பத்தியின் ஓரத்தில் ஒட்டும் சிறு குறிப்பு. மேலே உள்ள பகுதிக்கு முதலில் மனதில் வருவது “இரவுப் பணி” என்பதாகத்தான் இருக்கும். இது கோடு அல்ல, தலைப்பு; கேள்வியையே திருப்பிச் சொல்கிறது. “கேட்கமாட்டார்கள் என்று சொல்லாமல் விடுதல்” என்று எழுதிப் பாருங்கள். நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: பத்தியை மூடிவிட்டுக் கோடை மட்டும் படித்தால், அந்த மனிதர் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டும். சில இடங்களில் அவருடைய சொல்லே சிறந்த கோடு. “பழகிடுச்சு” அப்படிப்பட்டது.

மென்பொருள் கட்டாயமில்லை, சில நேர்காணல்களுக்கு விரிதாள் போதும். பத்தி, நேரக்குறிப்பு, கோடு, உங்கள் சந்தேகம் என்று நான்கு நெடுவரிசைகள். கடைசி நெடுவரிசையைக் காலியாக விடாதீர்கள், பின்னால் அதைத்தான் தேடுவீர்கள்.

கோடுகளிலிருந்து கருப்பொருள்

ஆறு நேர்காணல்கள் முடிந்தன என்று வைத்துக்கொள்வோம். “சொல்லாமல் விடுதல்”, “பழகிடுச்சு”, “தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ளுதல்” மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. இவற்றை ‘சவால்கள்’ என்ற பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பெட்டியில் எதையும் போடலாம். கருப்பொருளை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள்: “செவிலியர்கள் இரவுப் பணிச் சுமையை மேலே கொண்டுபோகாமல் தங்களுக்குள்ளேயே சமாளிக்கிறார்கள்.” வாக்கியமாக இருந்தால்தான் அது தவறாகவும் இருக்க முடியும்.

இனி அதைத் தவறாக்கும் ஆளைத் தேடுங்கள். ப5 மேலதிகாரியிடம் போய்க் கேட்டு, பணி நேரத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார். அவரை விதிவிலக்கு என்று ஒதுக்கத்தான் கை போகும். அதற்குப் பதிலாக மற்ற ஐந்து பேரின் எழுத்தாக்கங்களையும் திரும்பப் படித்தால், அந்த ஐவருமே முன்பு ஒருமுறை கேட்டு மறுக்கப்பட்டவர்கள் என்று தெரிகிறது. ப5க்கு அந்த அனுபவம் இல்லை. சரி, வாக்கியம் மாறுகிறது: “ஒருமுறை மறுக்கப்பட்டவர்கள் பிறகு மேலே கேட்பதில்லை, தங்களுக்குள் சமாளிக்கிறார்கள்.” இதன் கீழ் ப3இன் 00:12:44ஐ மேற்கோளாக வையுங்கள், அந்த நான்கு நொடி மௌனத்தையும் சேர்த்து.