மாத விளம்பரப் பட்ஜெட் மிஞ்சுமா, பற்றாமல் போகுமா: பாதி மாதத்திலேயே கண்டுபிடிக்கும் கணக்கு

சென்னிமலை படுக்கை விரிப்புகளை இணையத்தில் விற்கும் சிறு கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2025 அக்டோபர் மாதம். அந்த ஆண்டு தீபாவளி 20-ஆம் தேதி வந்தது. கூகுள் விளம்பரத்துக்குக் கடைக்காரர் ஒதுக்கிய பணம் 59,000 ரூபாய். இந்தப் பணம் மாதக் கடைசி வரை வருமா என்பதை 13-ஆம் தேதி காலையிலேயே சொல்லிவிட முடியும். ஒரு கூகுள் ஷீட், தினமும் ஐந்து நிமிடம், இவ்வளவுதான் தேவை.

முதலில் வரியைக் கழியுங்கள்

கூகுள் ஆட்ஸ் திரையில் Cost என்ற பத்தியில் தெரியும் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. கையிலிருந்து போகும் பணத்தில் 18 சதவீதம் சேர்ந்திருக்கும். எனவே 59,000-ஐ 1.18-ஆல் வகுக்க வேண்டும். வருவது 50,000. இனி நம் பட்ஜெட் இதுதான். இந்த ஒரு படியை விட்டுவிட்டால், மாதம் முழுக்க எல்லாம் சரியாகப் போவதுபோலத் தெரிந்து, கடைசியில் 10,620 ரூபாய் துண்டு விழும்.

நாளுக்கு எவ்வளவு என்று திட்டமிடுங்கள்

50,000-ஐ 31-ஆல் வகுத்து நாளுக்கு 1,613 என்று வைப்பதுதான் எல்லோரும் செய்வது. எல்லா நாளும் ஒரே மாதிரி விற்பனையாகும் கடைக்கு அது போதும். தீபாவளி மாதத்தில் போதாது. பண்டிகைக்கு முன்பே கூரியர் வீடு சேர வேண்டும் என்பதால், நம் கடைக்கு உச்ச நாள்கள் 6 முதல் 16 வரை. அதற்குப் பிறகு ஆர்டர் போட்டால் தீபாவளிக்குள் வருமா என்று வாடிக்கையாளர் யோசிப்பார். விளம்பரத்தை அப்போது குறைத்துவிடலாம்.

எனவே ஒவ்வொரு நாளுக்கும் பங்கு கொடுப்போம். 1 முதல் 5 வரை ஆளுக்கு ஒரு பங்கு என்பதுபோல நாளுக்கு 1 பங்கு. 6 முதல் 16 வரை நாளுக்கு 2. 17 முதல் 20 வரை அரைப் பங்கு. 21 முதல் 31 வரை மறுபடியும் 1. கூட்டினால் 5 + 22 + 2 + 11, மொத்தம் 40 பங்கு. 50,000-ஐ 40-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 1,250 ரூபாய். ஆகவே சாதாரண நாளில் 1,250, உச்ச நாளில் 2,500, தீபாவளியை ஒட்டிய நான்கு நாளில் 625.

பங்குகளை எங்கிருந்து எடுப்பது? போன ஆண்டுக் கணக்கு இருந்தால், தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு ஆர்டர் ஏறியது, எப்போது இறங்கியது என்று பாருங்கள். தேதியை வைத்துப் பார்க்காதீர்கள், தீபாவளி ஆண்டுக்கு ஆண்டு நகரும். கணக்கே இல்லையென்றால் அனுபவத்தை வைத்து ஊகியுங்கள். சுமாரான ஊகம்கூட நேர்கோட்டு வகுத்தலைவிட நல்லது.

ஷீட்டை அமையுங்கள்

A பத்தியில் தேதி, B-யில் பங்கு, C-யில் திட்டச் செலவு, D-யில் உண்மைச் செலவு. முதல் வரிசை தலைப்புக்கு, 2 முதல் 32 வரை நாள்கள். H1-இல் 50000 என்று எழுதுங்கள். பிறகு இவற்றை இடுங்கள்:

```
C2: =$H$1*B2/SUM($B$2:$B$32)
H2: =TODAY()-1
H3: =SUMIF(A2:A32,"<="&H2,C2:C32)
H4: =SUMIF(A2:A32,"<="&H2,D2:D32)
H5: =H1*H4/H3
H6: =H4+(H1-H3)
H7: =DAY(H2)-COUNT(D2:D32)
```

C2-ஐ C32 வரை இழுத்துவிடுங்கள். H3 என்பது நேற்று வரை செலவாகியிருக்க வேண்டியது, H4 நேற்று வரை உண்மையில் செலவானது. H5, H6 இரண்டும் மாத முடிவுக் கணிப்புகள். ஏன் இரண்டு என்பதற்குக் கீழே வருகிறேன். மாதத்தின் முதல் நாள் H5-இல் பிழையும், H7-இல் 30 என்ற எண்ணும் காட்டும். நேற்று என்பது போன மாதம் ஆகிவிடுவதால் அப்படி, பயப்பட வேண்டாம்.

H7 ஒரு காவல்காரன். அதில் 0 வர வேண்டும். 1 வந்தால் ஏதோ ஒரு நாளின் செலவை எழுத மறந்திருக்கிறீர்கள் என்று பொருள். மறந்த நாளை ஷீட் செலவே இல்லாத நாளாக எடுத்துக்கொண்டு, பணம் மிஞ்சும் என்று பொய்யாக ஆறுதல் சொல்லும். உண்மையிலேயே செலவில்லாத நாளுக்கு 0 என்று எழுதுங்கள், வெற்றாக விடாதீர்கள்.

கணக்கு எப்போதும் நேற்றோடு நிற்க வேண்டும். இன்றைய செலவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, திரையில் தெரிவதும் சில மணி நேரம் பின்தங்கியே வரும். கூகுள் கணக்கின் நேர மண்டலம் இந்திய நேரம்தானா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் நாளும் அதன் நாளும் வேறு வேறு நேரத்தில் முடியும்.

13-ஆம் தேதி காலை: எண்களைப் படிப்பது

முதல் ஐந்து நாளில் மொத்தம் 6,180 ரூபாய் செலவாகியிருக்கிறது. 6-ஆம் தேதி தினசரி பட்ஜெட்டை 2,500 ஆக்கிய பிறகு வந்த செலவு இது:

| தேதி | திட்டம் | செலவு |
|---|---|---|
| 6 | 2,500 | 2,460 |
| 7 | 2,500 | 2,540 |
| 8 | 2,500 | 4,910 |
| 9 | 2,500 | 2,480 |
| 10 | 2,500 | 2,590 |
| 11 | 2,500 | 2,520 |
| 12 | 2,500 | 2,445 |

12-ஆம் தேதி வரை மொத்தம் 26,125. திட்டப்படி 23,750 ஆகியிருக்க வேண்டும். 2,375 ரூபாய் கூடுதல்.

இப்போது மாத முடிவைக் கணிப்போம். நேர்கோட்டுக் கணக்குப்படி 26,125-ஐ 12-ஆல் வகுத்து 31-ஆல் பெருக்கினால் 67,490 வருகிறது. இதை நம்பினால் பதறிப்போய் விளம்பரத்தையே நிறுத்திவிடுவோம், அதுவும் விற்பனை உச்சத்தில் இருக்கும்போது. உச்ச நாள்களின் வேகம் மாதம் முழுவதும் தொடரும் என்று அது நினைப்பதுதான் கோளாறு. நாம் போட்ட திட்டத்திலேயே பின்பாதி மெதுவானது.

H5 காட்டுவது 55,000. இதுவரை திட்டத்தைவிட 10 சதவீதம் அதிகம், இனியும் அதே 10 சதவீதம் அதிகமாகவே போகும் என்பது இதன் அனுமானம். H6 காட்டுவது 52,375. நடந்தது நடந்துவிட்டது, இனி திட்டப்படியே போகும் என்பது அதன் அனுமானம்.

இரண்டில் எதை நம்புவது? அட்டவணையைத்தான் கேட்க வேண்டும். கூடுதல் முழுக்க 8-ஆம் தேதியில் குவிந்திருக்கிறது. அந்த ஒரு நாளை விட்டால் மீதி நாள்கள் திட்டத்தோடு ஒட்டியே ஓடுகின்றன. கூகுள் பெரும்பாலான விளம்பரங்களில், தேடுபவர்கள் அதிகம் வரும் நாளில், தினசரி பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு வரை செலவழிக்கும். 4,910 என்பது அந்த வரம்பான 5,000-க்குள்தான் இருக்கிறது. எனவே இது ஒருநாள் கூத்து, H6-ஐ நம்பலாம். மாறாக ஒவ்வொரு நாளும் 2,750, 2,760 என்று சீராகக் கூடியிருந்தால் நோய் தொடர்கிறது என்று பொருள். அப்போது H5-தான் உண்மைக்கு அருகில் இருக்கும்.

மாதத்தின் முதல் நான்கைந்து நாளில் இந்தக் கணிப்புகளைப் பார்த்து எதையும் மாற்றாதீர்கள். ஒரே ஒரு நாள் ஏறினாலே கணிப்பு எகிறிவிடும். பிறகும் 5 சதவீதத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தை நான் தொடுவதில்லை. இங்கே H6-இன்படி கூடுதலாகச் செலவாவது 2,375 ரூபாய், அதாவது 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் 50,000-க்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் சரிசெய்யத்தான் வேண்டும்.

எங்கே குறைப்பது

மீதி இருப்பது 23,875. மீதிப் பங்குகள் 21. வகுத்தால் பங்குக்கு 1,137. எல்லா நாளிலும் சமமாகக் குறைக்கலாம், ஆனால் அப்படிச் செய்தால் ஆர்டர் கொட்டும் 13 முதல் 16 வரையும் குறைந்துவிடும். அந்த நான்கு நாளையும் அதையடுத்த நான்கு நாளையும் தொடாமல் விடுவோம். அவற்றுக்கு 10,000-மும் 2,500-மும் போனால், 21 முதல் 31 வரைக்கு 11,375 மிஞ்சும். 11 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 1,034. சாதாரண நாளின் 1,250-ஐ இதற்குக் குறைத்தால் போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கூகுள் மாதத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: தினசரி பட்ஜெட்டை 30.4-ஆல் பெருக்கி வருவது. அதைக் கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் உங்கள் 50,000 பற்றி அதற்குத் தெரியாது. நடு மாதத்தில் பட்ஜெட்டை மாற்றினால், புதிய தொகையை மீதி நாள்களால் பெருக்கி மீதி மாதத்துக்கான வரம்பைப் புதிதாக வைத்துக்கொள்ளும். 6-ஆம் தேதி 2,500 ஆக்கியபோது மீதி 26 நாளுக்கு அது வைத்த வரம்பு 65,000. 17-ஆம் தேதி 625 ஆக்க மறந்தால், அது கூச்சமில்லாமல் 2,500-ஐயே தொடர்ந்து எடுக்கும். பட்ஜெட் மாற்ற வேண்டிய நாள்களை, 17 மற்றும் 21, இப்போதே போனில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள்.

அதே விதி 21-ஆம் தேதி நமக்குச் சாதகமாகத் திரும்பும். அன்று காலையிலேயே 1,034 என்று மாற்றினால், மீதி 11 நாளுக்குக் கூகுள் வைக்கும் வரம்பு நம் கையில் மீதியிருக்கும் தொகையோடு ஒத்துப்போகும். நடுவில் ஒருநாள் 2,000 போனாலும், பிற நாள்களில் அது ஈடாகிவிடும். அதன் பிறகு அடிக்கடி கை வைக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றமும் அந்த வரம்பைப் புதிதாக்கிவிடும்.

பணம் மிஞ்சும் என்று வந்தால்

12-ஆம் தேதி வரை 19,000 மட்டுமே செலவாகியிருந்தால் H5 40,000 காட்டும். 10,000 ரூபாய் மிஞ்சும். உடனே தினசரி பட்ஜெட்டை ஏற்றத் தோன்றும், பெரும்பாலும் பயனிருக்காது. இருக்கும் 2,500-ஐயே செலவழிக்க முடியாத விளம்பரத்துக்கு 4,000 கொடுத்து என்ன ஆகப் போகிறது?

திரையில் Search lost IS (budget), Search lost IS (rank) என்ற இரண்டு பத்திகளைச் சேர்த்துப் பாருங்கள். நம் விளம்பரம் தோன்றியிருக்கக்கூடிய தடவைகளில் எத்தனை சதவீதம் பட்ஜெட்டாலும் தரவரிசையாலும் கைவிட்டுப் போனது என்பதை இவை காட்டும். முதலாவது பெரிதாக இருந்தால் பட்ஜெட் பற்றவில்லை, ஏற்றலாம். இரண்டாவது பெரிதாக இருந்தால், ஏலத்தில் நம் விளம்பரம் தோற்கிறது. கிளிக்குக்குத் தரும் விலையையோ விளம்பரத்தின் தரத்தையோதான் சரிசெய்ய வேண்டும். இரண்டுமே சிறிதாக இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த சொற்களைத் தேடும் ஆட்களே அவ்வளவுதான். புதிய சொற்களைச் சேருங்கள், அல்லது அந்தப் பணத்தை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன், முன்பணம் கட்டும் கணக்காக இருந்தால் இருப்பு தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். சனிக்கிழமை இரவு இருப்பு தீர்ந்து, திங்கட்கிழமை காலை வரை விளம்பரம் ஓடாமல் கிடந்தால், D பத்தியில் ஞாயிறு 0 என்று நிற்கும். அதைச் சரிசெய்ய எந்தக் கணிப்பும் தேவையில்லை, பணம் கட்டினால் போதும்.