ஊரில் போன் நம்பரைக் கேட்டு எழுதுவதும் ஆங்கிலத்தில் சொல்வதும்

யாழ்ப்பாணத்தில் ஓட்டோக்காரர் தன் நம்பரைச் சொல்லும்போது ஒவ்வொரு இலக்கமாகத்தான் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். கைபேசி நம்பர் பத்து இலக்கம், தொடக்கம் 07. ‘சைபர் எழுபத்தேழு’ என்று ஆரம்பித்து, மீதி ஏழையும் தன் வசதிக்குப் பிரித்துச் சொல்வார்.

அந்த ஏழு இப்படி வருகிறது என்று வையுங்கள்: “அஞ்சு, மூண்டு சைபர், ஒம்பது, ரண்டு நாலு.” ‘மூண்டு சைபர்’ என்பது 30 ஆகவும் இருக்கலாம், 000 ஆகவும் இருக்கலாம். எண்ணிப் பாருங்கள். 30 என்று எழுதினால் ஆறு இலக்கம்தான் வரும். 000 என்றால் ஏழு சரியாக வரும். ஆனால் ‘ரண்டு நாலு’ எண்ணிக்கையில் பிடிபடாது. 24 ஆனாலும் 44 ஆனாலும் இரண்டு இலக்கம்தானே! “இருபத்துநாலோ, நாப்பத்துநாலோ?” என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இரைச்சலில் ‘அம்பது’ம் ‘ஒம்பது’ம் ஒன்றுபோலவே கேட்கும். முதலாவது 50, மற்றது 9. இதையும் இலக்கத்தை எண்ணினால் கண்டுபிடிக்கலாம். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் ‘தொண்ணூறு’ என்பதில் ‘நூறு’ கேட்டு 900 என்று எழுதுவதுண்டு. அது 90. 900 ‘தொள்ளாயிரம்’, அதில் ‘ஆயிரம்’ கேட்டாலும். ஜெர்மன் பேசி வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்: அந்த மொழியில் ஒன்றின் இடம் முதலில் வருவதால் ‘முப்பத்தஞ்சு’ 53 ஆகிவிடும்.

அதே நம்பரை ஹோட்டலிலோ வங்கியிலோ ஆங்கிலத்தில் சொல்லும்போது சோடி சேர்க்காமல் “ஃபைவ், ஸீரோ, ஸீரோ, ஸீரோ, நைன்” என்று தனித்தனியாகச் சொல்வதே பாதுகாப்பு. ‘டபுள்’, ‘ட்ரிப்பிள்’ இலங்கையிலும் இந்தியாவிலும் நன்றாகவே விளங்கும். கனடாவிலிருக்கும் மகளுக்குச் சொன்னால் தடுமாறுவாள். அறை இலக்கம் 13 என்றால் ‘தேர்ட்டீன்’ சொல்லி, உடனே ‘வன் த்ரீ’ என்றும் சேருங்கள். ‘தேர்ட்டி’ என்று கேட்டுவிட்டால் வேறு அறைக்கதவைத் தட்ட வேண்டிவரும். வெளிநாட்டு சிம்மிலிருந்து அழைக்க, முன்னால் உள்ள சைபரை விட்டுவிட்டு +94 போட வேண்டும்.

வரிசை எண்களில் ‘ஆம்’ சேரும்: ரண்டாம் குறுக்குத் தெரு ‘செகண்ட் குரொஸ் ஸ்ட்ரீட்’, மூண்டாம் திகதி ‘தேர்ட்’. ஒன்று, ரண்டு, மூண்டில் முடிவது ‘ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட்’ என்று பழகியவர்கள் 11, 12, 13 இல் சறுக்குவார்கள். அவை ‘இலெவந்த், ட்வெல்ஃப்த், தேர்ட்டீந்த்’. ஆனால் 21 ‘ட்வென்ரி ஃபர்ஸ்ட்’தான். இலங்கையில் முதலாம் மாடி என்றால் ஒரு மாடி ஏற வேண்டும். கனடாவில் ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’ என்பது பெரும்பாலும் தரைத்தளம். இலங்கைப் படிவத்தில் 7/8 என்று கண்டால் அது ஆகஸ்ட் ஏழாம் திகதி. ஜூலை எட்டு அல்ல.