நெறியாளரின் இரண்டு குறிப்புகள் ஒன்றோடொன்று முட்டினால்: பதில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருத்தி வந்த ஆய்வேட்டு அத்தியாயத்தில் ஓரிடத்தில் ஒன்றைச் செய்யச் சொல்லி, பத்துப் பக்கம் தள்ளி அதற்கு நேர்மாறாக எழுதியிருப்பார் நெறியாளர். ஆய்வுமுறைப் பகுதியை ஒரு வாரம், முடிவுகளை மறுவாரம் என்று படிப்பவருக்கு இது சகஜம். சிக்கல் பெரும்பாலும் மாணவர் அனுப்பும் பதிலில்தான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நீலகிரி மேல்மலைப் புல்வெளியில் சீகை மரம் பரவிய இடங்களில் நாட்டுப் புல், செடி வகைகள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்பது ஆய்வு. அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் சீகை பரவிய இடம் 3, பரவாத இடம் 3. இடத்துக்கு 8 வீதம், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் மொத்தம் 48 சதுரங்கள். பகுதி 2.4இல் நெறியாளரின் குறிப்பு: “48 சதுரங்கள் இருக்கின்றனவே, நேராக t சோதனை போடுங்கள்.” பகுதி 3.2இல்: “ஒரே இடத்துச் சதுரங்களைத் தனித்தனி மாதிரியாக எண்ணக்கூடாது. இடவாரியாகச் சராசரி எடுங்கள்.”

இதற்கு “மேடம், 2.4, 3.2 ரெண்டும் வேற வேற மாதிரி இருக்கு, எதை எடுத்துக்கட்டும்?” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிடுவதுதான் முதல் தவறு. அவர் கோப்பைத் திறந்து, இரண்டு இடத்தையும் தேடி, எப்போது என்ன நினைத்து எழுதினோம் என்று யோசிக்க வேண்டும். அதற்கு நேரமில்லாவிட்டால் பதில் வராது. வந்தாலும் “ஏதாவது ஒன்று செய்யுங்கள்” என்று வரும். இரண்டு குறிப்புகளையும் அவர் எழுதிய சொற்களிலேயே, ஆங்கிலமானால் ஆங்கிலத்திலேயே, மெயிலில் ஒட்டுங்கள். பக்க எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். திருத்தங்கள் காட்டப்படும் விதத்தைப் பொறுத்து அவருடைய கணினியில் அது மாறிவிடும். பகுதி எண்ணும் அந்த வாக்கியத்தின் முதல் சில சொற்களும் போதும்.

இரண்டாவது தவறு, கேட்பதற்கு முன்பே அந்தக் கமென்ட்டை Resolve கொடுத்து மூடிவிடுவது. வேலை முடிந்துவிட்டது என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். பதில் வரும்வரை இரண்டும் திறந்தே இருக்கட்டும். ஒவ்வொரு குறிப்பின் தேதியையும் பாருங்கள். பின்னால் எழுதியதுதான் அவருடைய இறுதிக் கருத்து என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். ஆனால் தேதியைப் பதிலில் சேருங்கள், அவருக்கு நினைவு வரும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது: நமக்கு வசதியான குறிப்பைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வது. 48 சதுரங்களையும் தனி மாதிரியாகக் கொண்டால் கட்டற்ற பாகை 46. 5 சதவீத மட்டத்தில் t மதிப்பு 2.01ஐத் தாண்டினால் போதும். இடச் சராசரி எடுத்தால் கையிலிருப்பது 6 எண்கள், கட்டற்ற பாகை 4, தாண்ட வேண்டியது 2.78. முதல் வழியில் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்று வருவது இரண்டாவதில் காணாமல் போகலாம். எந்தக் குறிப்பின் பக்கம் கை போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரே சரிவில், ஒரே மண்ணில், ஒரே சீகைத் தோப்புக்குள் இருக்கும் 8 சதுரங்கள் ஒன்றுக்கொன்று சுதந்திரமானவை அல்ல. சீகை வந்தது சதுரத்துக்கு அல்ல, இடத்துக்கு. வாய்மொழித் தேர்வில் இதைத்தான் கேட்பார்கள்.

“இரண்டையும் சமாளிக்கலாம், mixed model போடுகிறேன்” என்று நடுவழி சொல்வதும் உண்டு. இடத்தைச் சமவாய்ப்புக் காரணியாக வைத்தால் 48 வரிசைகளும் உள்ளே போகும் என்பது உண்மைதான். ஆனால் சீகை உண்டா இல்லையா என்ற ஒப்பீடு அப்போதும் 6 இடங்களை நம்பித்தான் நிற்கிறது. அந்த வழி வேண்டுமானால் கேளுங்கள். மாதிரி எண்ணிக்கை கூடிவிட்டது என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஆகவே, கேள்வியோடு உங்கள் பரிந்துரையும் அதன் விளைவும் சேர்ந்து போக வேண்டும்:

“வணக்கம் மேடம். அத்தியாயத்தில் மற்ற திருத்தங்களை முடித்துவிட்டேன். ஒன்றில் மட்டும் உங்கள் முடிவு தேவை. 2.4இல் (4ஆம் தேதி) 48 சதுரங்களுக்கும் t சோதனை என்றும், 3.2இல் (17ஆம் தேதி) இடச் சராசரி என்றும் குறித்திருக்கிறீர்கள். இரண்டையும் கீழே ஒட்டியிருக்கிறேன். இரண்டு விதமாகவும் கணக்கிட்டு அட்டவணை இணைத்திருக்கிறேன். 3.2இன்படி செய்யலாம் என்று நினைக்கிறேன், சதுரங்கள் இடத்துக்குள் அடங்கியவை என்பதால். அப்படிச் செய்தால் 2.4இன் கடைசிப் பத்தியும் படம் 2உம் மாறும். நீங்கள் சரி என்றால் வெள்ளிக்குள் மாற்றி அனுப்புகிறேன்.”

‘நீங்கள் முன்பு சொன்னதற்கு மாறாக’ என்ற தொடர் இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பகுதி எண்ணும் தேதியுமே அதைச் சொல்லிவிடுகின்றன. இதே மெயிலில் காற்புள்ளி, மேற்கோள் வடிவம் பற்றிய சில்லறைச் சந்தேகங்களைச் சேர்க்காதீர்கள். அவர் அவற்றுக்குப் பதில் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவார். நேரில் பார்த்து வாயால் முடிவு சொன்னால், அன்றைக்கே “3.2இன்படி செய்கிறேன் மேடம்” என்று ஒரு வரி மெயில் போட்டுவையுங்கள். அடுத்த வரைவில் 2.4இன் பழைய குறிப்பு மறுபடி எழுந்தால், காட்ட அது மட்டும்தான் இருக்கும்.