17²⁷-ஐ விரிக்க வேண்டாம்: ஆர்எஸ்ஏ கணக்குக்குக் குறுக்கு வழி

ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையின் கணக்கில் மறைசெய்தியை விடுவிக்கும்போது n-ஆல் நேராக வகுக்காதீர்கள். n-இன் காரணிகளான p, q என்ற இரண்டு பகா எண்களாலும் தனித்தனியே மீதி கண்டு, கடைசியில் சேருங்கள்.

p = 5, q = 11, n = 55, மறைக்கும் அடுக்கு e = 3, விடுவிக்கும் அடுக்கு d = 27; வந்த மறை எண் 17 என்று வைத்துக்கொள்வோம். 17²⁷-ஐ 55-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் நமக்கு வேண்டிய செய்தி. 5-ஆல் வகுத்தால் 17-இன் மீதி 2. அடுக்கு 27-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. ஆக 2³ = 8, அதாவது மீதி 3. 11-ஆல் வகுத்தால் 17-இன் மீதி 6. அடுக்கை 10-ஆல் வகுத்தால் மீதி 7. 6²-க்கு மீதி 3, 6⁴-க்கு 9; எனவே 6⁷-க்கு 9 × 3 × 6 = 162, மீதி 8.

55-க்குள் 11-ஆல் வகுத்தால் 8 மிஞ்சுபவை 8, 19, 30, 41, 52. இவற்றில் 5-ஆல் வகுத்தால் 3 மிஞ்சுவது 8 மட்டுமே. அதுதான் செய்தி. சரிபார்க்க: 8³ = 512 = 55 × 9 + 17.

ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, p-ஆல் வகுபடாத எண்ணின் (p−1)-ஆம் அடுக்குக்கு மீதி 1. அதனால்தான் அடுக்கு சுருங்குகிறது. பலர் சறுக்குவது இங்கேதான்: அடுக்கை 5-ஆலோ 11-ஆலோ வகுத்துவிடுவார்கள், வகுக்க வேண்டியது 4-ஆலும் 10-ஆலும். மறை எண் p-ஆல் வகுபட்டால் அடுக்கைத் தொடவே வேண்டாம், மீதி 0.

பொதுச் சாவி மட்டும் கையில் உள்ளவருக்கு p, q தெரியாது; அவர் செய்தியை மறைக்கும்போது இந்த வழி உதவாது.