ஜப்பான் படிவங்களில் வருடத்தை வாசிப்பது: ரெய்வா, ஹெய்செய், ஷோவா

ஜப்பானில் விமான நிலையத்திலேயே கையில் கொடுக்கும் குடியிருப்பு அட்டையில் எல்லாத் தேதியும் நமக்குத் தெரிந்த கி.பி. ஆண்டில்தான் இருக்கும். வீடு அமைந்து 14 நாளுக்குள் முகவரி பதிய வார்டு அலுவலகத்துக்குப் போனால் கதை மாறிவிடும். அங்கே பிறந்த தேதிக்கான கட்டத்துக்கு முன்னால் 昭・平・令 என்று மூன்று எழுத்துகள் இருக்கும், அவற்றில் ஒன்றைச் சுற்றி வட்டம் போட வேண்டும். அதன் பிறகு வருடத்துக்கு இரண்டே இலக்கத்துக்குத்தான் இடம் இருக்கும். 1987 என்று நான்கு இலக்கம் எழுத அங்கே வழியில்லை.

அந்த மூன்று எழுத்தும் மூன்று பேரரசர்களின் ஆட்சிக் காலங்களைக் குறிக்கின்றன. 昭 என்பது ஷோவா, 平 என்பது ஹெய்செய், 令 என்பது இப்போது நடக்கும் ரெய்வா. ஷோவா 1926 டிசம்பர் 25 முதல் 1989 ஜனவரி 7 வரை. மறுநாள், ஜனவரி 8 முதல் ஹெய்செய். அது 2019 ஏப்ரல் 30 அன்று முடிந்து, மே 1 முதல் ரெய்வா. பழைய படிவங்களில் இவற்றுக்கு முந்தைய 明, 大 என்ற மெய்ஜி, தாய்ஷோவும் இருக்கும். நம்மில் யாருக்கும் அவை தேவைப்படாது.

மாற்றும் கணக்கு சுலபம். ரெய்வா வருடத்தோடு 2018-ஐயும், ஹெய்செய் வருடத்தோடு 1988-ஐயும், ஷோவா வருடத்தோடு 1925-ஐயும் கூட்டினால் கி.பி. வந்துவிடும். ரெய்வா 7 என்றால் 2025, ஹெய்செய் 15 என்றால் 2003, ஷோவா 62 என்றால் 1987. கி.பி.யிலிருந்து அந்தப் பக்கம் போக அதே எண்ணைக் கழித்தால் போதும். தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் வரும் திருவள்ளுவர் ஆண்டுக்கு 31 என்ற ஒரே எண் தெரிந்தால் போதும். இங்கே மூன்று எண் வேண்டும், அவ்வளவுதான்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. புதிய பேரரசர் மே மாதம் பதவியேற்றார் என்பதற்காக ரெய்வா வருடம் மே மாதத்தில் மாறுவதில்லை. முதல் வருடம் மட்டும் பதவியேற்ற நாளில் தொடங்கி அந்த டிசம்பர் 31 அன்று முடிந்துவிடும். அடுத்த ஜனவரி 1 அன்று இரண்டாம் வருடம் பிறந்துவிடும். அதனால்தான் வெறும் கூட்டல் கழித்தலே போதுமானதாக இருக்கிறது. காலம் மாறிய வருடங்களில் மட்டும் மாதத்தையும் நாளையும் பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். கணவர் பிறந்தது 1987 ஆகஸ்ட் 14. 87-இல் 25 போக 62; ஆக 昭-வைச் சுற்றி வட்டம் போட்டு 62, 8, 14 என்று எழுத வேண்டும். ஜப்பானில் எப்போதும் வருடம், மாதம், நாள் என்ற வரிசைதான். மனைவி பிறந்தது 1989 ஜனவரி 9. ஷோவா முடிந்து இரண்டு நாள் ஆகிவிட்டது, அதனால் இவர் ஹெய்செய் 1. அதே ஜனவரி 5 அன்று பிறந்திருந்தால் ஷோவா 64 ஆகியிருப்பார். மூத்த பிள்ளை 2019 மார்ச் 11 அன்று பிறந்தது என்றால் அது ஹெய்செய் 31. அதே வருடம் ஜூனில் பிறந்த குழந்தை என்றால் ரெய்வா 1. முதல் வருடத்தை 1 என்று எழுதாமல் 元年 என்று அச்சிட்டிருப்பார்கள், கன்னென் என்று வாசிக்க வேண்டும். 令和元年 என்று கண்டால் 2019 மே முதல் டிசம்பர் வரை என்று எடுத்துக்கொள்ளலாம். நாம் எழுதும்போது 1 என்று போட்டாலும் புரிந்துகொள்வார்கள்.

கி.பி.யில் எழுதவே கூடாதா என்றால், அப்படி இல்லை. ஷோவா, ஹெய்செய் என்றுதான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. கையால் நிரப்பும் படிவம் என்றால் மூன்று எழுத்தையும் அடித்துவிட்டு, கி.பி. ஆண்டைக் குறிக்கும் 西暦 என்று போட்டு, பக்கத்தில் 1987 என்று எழுதினால் கவுன்டரில் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். செய்ரெகி என்று வாயால் சொன்னாலும் போதும். இயந்திரம் வாசிக்கும் வரிப் படிவமும் ஓய்வூதியப் படிவமும் வேறு. அவற்றில் கட்டத்துக்குள் அவர்கள் கேட்ட வடிவத்தில்தான் எண் விழ வேண்டும்.

அந்தப் படிவங்களில் இன்னொரு வேடிக்கை. காலத்தின் பெயருக்குப் பதிலாக ஒரு எண்ணைக் கேட்பார்கள். வருமான வரிப் படிவத்தில் ஷோவா 3, ஹெய்செய் 4, ரெய்வா 5. ஓய்வூதியப் படிவத்தில் ஷோவா 5, ஹெய்செய் 7, ரெய்வா 9. அதாவது 5 என்பது ஓரிடத்தில் தாத்தா காலம், இன்னோரிடத்தில் கைக்குழந்தை காலம். 1988 ஏப்ரல் 20 அன்று பிறந்தவருக்கு ஓய்வூதியப் படிவத்தில் முதலில் 5, பிறகு 63, 04, 20. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, கட்டத்துக்குப் பக்கத்திலேயே எந்த எண் எதற்கு என்று சிறிய எழுத்தில் இருக்கும். முதல் கட்டத்தில் விழுவது வருடத்தின் இலக்கம் அல்ல என்பது மட்டும் நினைவிருந்தால் சரி.

ஜப்பானிய எழுத்து எதுவுமே இல்லாமல் வரும் தேதிகளும் உண்டு. R7.10.4 என்று இருந்தால் R என்பது ரெய்வா. H, S என்றால் மற்ற இரண்டு. வெறும் 7.10.4 என்று தபால் முத்திரையில் இருந்தால், நம் கண் அதை அக்டோபர் 7, 2004 என்று படிக்கப் பார்க்கும். அது ரெய்வா 7, அக்டோபர் 4, அதாவது 2025. கடையில் வாங்கும் உணவுப் பொட்டலத்தில் 26.03.15 என்று இருப்பது பெரும்பாலும் கி.பி.யின் கடைசி இரண்டு இலக்கம், 2026. முதல் எண் ஒற்றை இலக்கமாக இருந்தால் ரெய்வா, இருபதுகளில் இருந்தால் கி.பி. என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய காகிதத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. வீட்டு உரிமையாளர் காட்டும் கொதிகலன் உத்தரவாத அட்டையில் 25.3.10 என்று இருந்தால், அது ஹெய்செய் 25, அதாவது 2013 ஆகவும் இருக்கலாம். காகிதத்தின் பழமையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வராத வருடங்களும் சில ஆவணங்களில் உண்டு. 2019-க்கு முன்பே அச்சான ஒப்பந்தத்தில் "平成36年 வரை" என்று இருக்கும். ஹெய்செய் 31-உடன் முடிந்துவிட்டதே, ஆவணம் செல்லாதோ என்று பயப்பட வேண்டாம். 36-உடன் 1988-ஐக் கூட்டினால் 2024, அதுதான் அதன் பொருள். ஹெய்செய் எண்ணில் 30-ஐக் கழித்தாலும் ரெய்வா வருடம் வந்துவிடும்.

இதுவரை சொன்னதில் தவறினால் கவுன்டரில் திருத்திக்கொள்ளலாம். உண்மையில் அலைய வைப்பது 年度 என்ற இரண்டு எழுத்துதான். நென்தோ என்றால் ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரையான நிதியாண்டு. நம் ஊர் நிதியாண்டைப் போலத்தான், புதிதில்லை. ரெய்வா 7 நென்தோ என்பது 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை. சிக்கல் உள்ளூர் வரியில் வருகிறது.

2023 அக்டோபரில் டோக்கியோ வந்து, எதொகாவா வார்டில் நிஷிகசாய் பக்கம் குடியேறிய ஒருவர், 2025 இலையுதிர் காலத்தில் விசாவை நீட்டிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். குடிவரவு அலுவலகம் அவரிடம் 課税証明書 என்ற உள்ளூர் வரிச் சான்றிதழைக் கேட்கிறது. அப்போது கிடைக்கும் புதிய சான்றிதழின் தலைப்பில் 令和7年度 என்று இருக்கும். உள்ளே இருக்கும் வருமானம் 2025-இன் வருமானம் அல்ல. அது 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை, அதாவது ரெய்வா 6-இல் சம்பாதித்தது. முந்தைய வருட வருமானத்தை வைத்து இந்த நிதியாண்டுக்கு வரி போடுகிறார்கள், தலைப்பில் வரி போடும் ஆண்டைக் குறிப்பிடுகிறார்கள்.

அதே வருமானத்துக்கு நிறுவனம் கொடுக்கும் 源泉徴収票 என்ற சம்பள வரிச் சீட்டில் 令和6年分 என்று இருக்கும். 年分, நென்புன், என்றால் ஜனவரி முதல் டிசம்பர் வரையான அந்த வருடத்துக்குரியது. ஒரு காகிதத்தில் 6, இன்னொன்றில் 7. இரண்டும் ஒரே பணம். எண் பொருந்தவில்லையே என்று நினைத்து ரெய்வா 6 நென்தோ சான்றிதழை வாங்கிக்கொண்டு போனால், அதில் 2023-இன் கடைசி மூன்று மாதச் சம்பளம்தான் இருக்கும். அதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார்.

எங்கே வாங்குவது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. ரெய்வா 7 நென்தோ சான்றிதழைக் கொடுப்பது 2025 ஜனவரி 1 அன்று நீங்கள் பதிவாகியிருந்த ஊர். நம்மவர் அந்த மார்ச்சில் கவாசாகிக்கு வீடு மாறியிருந்தால், கவாசாகியில் கேட்டால் கிடைக்காது. எதொகாவாவில்தான் கேட்க வேண்டும். அவர் வந்த வருடம் 2023, ஜனவரி 1 அன்று அவர் ஜப்பானில் இல்லை. எனவே ரெய்வா 5 நென்தோ என்று அவருக்கு எதுவுமே கிடையாது. சம்பளத்தில் பிடித்தமும் இதே தாளத்தில்தான் நடக்கும்: ஜூனில் தொடங்கி அடுத்த மே வரை. முதல் ஜூனில் மூன்று மாத வருமானத்துக்கான சின்னத் தொகை. அடுத்த ஜூனில் முழு வருடத்துக்கானது வந்து கைச்சம்பளம் சட்டென்று குறையும். நிறுவனம் ஏதோ தவறு செய்துவிட்டது என்று அந்த மாதம் பலர் சண்டைக்குப் போவார்கள்.

வீடு பார்க்கும்போது மட்டும் ஒரு தேதியை விடாமல் படியுங்கள். பழைய கட்டடங்களின் விவரத் தாளில் கட்டி முடித்த வருடம் 昭和 என்று போட்டிருக்கும். நிலநடுக்கத்துக்கான கட்டட விதிகள் 1981 ஜூன் 1, அதாவது ஷோவா 56 ஜூன் 1 முதல் கடுமையாயின. அன்று முதல் கட்டட அனுமதி பெற்றவை புதிய விதிக்கு உட்பட்டவை. விதி அனுமதி தேதியைப் பொறுத்தது, தாளில் இருப்பதோ முடித்த தேதி. ஷோவா 57-இல் முடித்த அடுக்குமாடிக்கு ஷோவா 55-இலேயே அனுமதி வாங்கியிருக்கலாம். அதனால் ஷோவா 56 முதல் 58 வரை என்று கண்டால் முகவரிடம் 建築確認 என்ற கட்டட அனுமதியின் தேதி எது என்று கேளுங்கள். மரவீடுகளுக்கு 2000 ஜூன் 1 அன்று விதிகள் இன்னும் இறுகின. தாளில் ஹெய்செய் 12-க்கு முந்தைய மரவீடு என்று இருந்தால் வாடகை ஏன் குறைவு என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.