டெட்லைன் இடித்தால் மேனேஜரிடம் கணக்கோடு பேசுங்கள்

"டைம் பத்தாது சார்" என்று மட்டும் சொன்னால் புலம்பலாகத்தான் தெரியும். மீட்டிங், மெயில் போக ஒரு நாளில் 6 மணி நேரம் மிஞ்சினால், திங்கள் முதல் வெள்ளி வரை 30. கையிலிருக்கும் வேலைக்கு 22, புதிய ரிப்போர்ட்டுக்கு 20 என்றால் 12 மணி நேரம் இடிக்கிறது.

வேலை வந்த அன்றே எழுதுங்கள்: "சார், முழு ரிப்போர்ட் அடுத்த செவ்வாய் மாலை தருகிறேன். வெள்ளியே வேண்டுமென்றால் சேல்ஸ் பகுதியை மட்டும் 8 மணி நேரத்தில் முடிக்கலாம். என்னிடமுள்ள 12 மணி நேர டெஸ்டிங்கை வேறொருவர் எடுத்துக்கொண்டால் முழுவதும் வெள்ளிக்கே வரும். எது சரி?"

வியாழக்கிழமை சொன்னால் டெஸ்டிங்கை மாற்றிவிட ஆள் கிடைக்காது. "பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். எந்த வழி என்று கேட்டு, அதை மெயிலில் உறுதி செய்யுங்கள்.