ஆலோசகரைப் பார்க்க யாரிடம் சீட்டு வாங்குவது?

ராணிப்பேட்டை அருகே ஒரு காலணித் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். தையல் பிரிவில் பெரும்பாலும் பெண்கள். நிர்வாகம் மனநல ஆலோசகர் ஒருவரை அமர்த்துகிறது. அறிவிப்புப் பலகையில், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம். கீழே ஒரு வரி: “மன அழுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்கள் மனிதவளத் துறையை அணுகவும்.” மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் யாருமே போயிருக்க மாட்டார்கள். நம் ஆட்களுக்குப் பிரச்சினை ஒன்றும் இல்லை என்று நிர்வாகம் கோப்பை மூடிவிடும்.

அந்த ஒரு வரியிலேயே இரண்டு தவறுகள் இருக்கின்றன. “பாதிக்கப்பட்டவர்கள்” என்றதும், உள்ளே போகிறவர் தனக்குத்தானே ஒரு முத்திரை குத்திக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. மனநல மருத்துவமனை வேலூரை அடுத்த பாகாயத்தில் இருப்பதால் ஊர்ப்பெயரையே கேலிக்குப் பயன்படுத்துகிறவர்கள் உள்ள வட்டாரம் இது. அறிவிப்பு நோயைப் பற்றிப் பேசாமல், வீட்டில் நடப்பதைப் பற்றிப் பேச வேண்டும்: குழுக் கடன் தவணை, கணவரின் குடி, தூக்கம் வராத இரவுகள், பிள்ளை பள்ளிக்குப் போக மறுப்பது. இவற்றில் ஒன்றைப் பேசப் போவதாகச் சொல்ல யாரும் கூச மாட்டார்கள்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. சம்பளத்தையும் விடுப்பையும் பதவி உயர்வையும் கையில் வைத்திருக்கும் அலுவலகத்தின் வழியாகவே ஆலோசகரிடம் போகச் சொல்வது. அதைச் சரிசெய்து ஆலோசகரின் எண்ணை நேரடியாகக் கொடுத்தாலும், வழி முழுவதும் திறந்துவிடாது. தையல் இயந்திரத்தை விட்டு எழுந்தால் லைன் சூப்பர்வைசர் காரணம் கேட்பார். வெளியே போகச் சீட்டு வேண்டும். சீட்டில் காரணம் எழுத வேண்டும். பக்கத்து இயந்திரத்தில் இருப்பவர், மாலையில் அதே கம்பெனி பஸ்ஸில் அதே கிராமத்துக்குத் திரும்புகிறவர். இரகசியம் காக்கப்படும் என்ற வாக்குறுதியெல்லாம் அந்தச் சீட்டோடு முடிந்துவிடும்.

ஆகவே, அறிவிப்பை எழுதும் முன் அந்த வழியை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். ஆலோசகரின் அறை முதலுதவி அறையை ஒட்டி இருந்தால், தலைவலி மாத்திரைக்குப் போகிறவரும் ஆலோசனைக்குப் போகிறவரும் ஒரே கதவில்தான் நுழைவார்கள். சீட்டில் “முதலுதவி அறை” என்று மட்டும் எழுதினால் போதும். அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கப்படாது, உற்பத்தி ஊக்கத்தொகையும் குறையாது என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். பல பெண்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

“நூறு சதவீதம் இரகசியம்” என்று எழுதுவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மை அல்ல. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஆலோசகர் பேசாமல் இருக்க முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் இரகசிய உரிமையிலும் இந்த விதிவிலக்கு உண்டு. விதிவிலக்கை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நம்புவார்கள். நிர்வாகத்துக்கு என்ன போகும் என்பதையும் சொல்ல வேண்டும். பிரிவு வாரியாக எண்ணிக்கை கேட்பது வழக்கம். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஒன்பது பேர் வேலை செய்யும் தோல் வெட்டும் பிரிவில் “ஒருவர் வந்தார்” என்று அறிக்கை போனால், அது யார் என்று அன்று மாலையே தெரிந்துவிடும். தொழிற்சாலை முழுவதற்கும் சேர்த்து ஒரே எண், அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதற்கு மேல் எதுவும் போகக் கூடாது.

அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

“வீட்டுக் கவலை, கடன், தூக்கமின்மை, வேலையிடச் சிக்கல் எதுவானாலும் ஆலோசகரிடம் பேசலாம். செவ்வாய், வெள்ளி, முதலுதவி அறையின் உள்ளறை. கட்டணம் இல்லை, கூலி பிடிப்பும் இல்லை, ஊக்கத்தொகையும் குறையாது. உங்கள் பெயர் நிர்வாகத்துக்குப் போகாது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும், உங்களிடம் சொல்லிவிட்டு உரியவரிடம் பேசுவார். கம்பெனி வழியாகப் பேச விருப்பம் இல்லையா? அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனை எண் 14416. இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.”

கடைசி வரி எதற்கு என்று நிர்வாகம் முகம் சுளிக்கலாம். கம்பெனியை நம்பாதவருக்கும் ஒரு கதவு வேண்டுமே.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது பேசும் தொழிலாளர்களும் உண்டு. சுவரொட்டியை ஒட்டிவிட்டு ஓய்ந்துவிடாமல், இரு மொழியிலும் வாயால் சொல்ல வேண்டும். லைனின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுங்கள்” என்று கேட்பது மட்டும் கூடவே கூடாது.

தொலைபேசியில் பேசும் வசதி இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். பல வீடுகளில் கைப்பேசி ஒன்றுதான். அது கணவரிடமோ மகனிடமோ இருக்கும். ஆலோசகர் தானாகத் திருப்பி அழைத்தால், “யார் அது?” என்ற விசாரணை அங்கே தொடங்கிவிடும். எந்த நேரத்தில் அழைக்கலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று முதல் பேச்சிலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது ஆலோசகரின் வேலை. கேட்காமல் அழைக்க மாட்டார் என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்ப்பது நிர்வாகத்தின் வேலை.

சூப்பர்வைசர்களிடம் அறிவிப்புக்கு முந்தைய நாளே தனியாகப் பேசிவிட வேண்டும். தையல் தவறிய பெண்ணிடம், எல்லோர் முன்னிலையிலும், “நீ போய் அந்த அம்மாவைப் பாரு” என்று ஒருவர் சொல்லிவிட்டால், அன்றிலிருந்து அந்த அறை தண்டனை அறையாகிவிடும். முதலுதவி அறைக்குச் சீட்டு கேட்டால் காரணம் கேட்காமல் கொடுப்பது, அவ்வளவுதான் அவர்கள் செய்ய வேண்டியது.